சிற்பப் பூங்காவில் குடும்பத் தேடல் விளையாட்டு: ஓடாமல் நின்று பார்க்க வைக்கும் குறிப்புகளை எப்படி எழுதுவது?

நொய்யல்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. அவிநாசிப் பக்கம் ஒரு சிறிய சிற்பப் பூங்காவில் மே மாத விடுமுறையில் ஒரு சனிக்கிழமை மாலை குடும்பங்களுக்கான தேடல் விளையாட்டு நடத்துகிறோம். பெரும்பாலும் திருமுருகன்பூண்டிப் பட்டறைகளில் செதுக்கிய கற்கள். சுவரோரம் மூன்று புலிகுத்திக் கற்கள் (பழசு இல்லை, மாதிரி பார்த்துச் செய்தவை), நடுவில் ஒரு நந்தி, யாளித் தூண், கிணற்றடியில் ஒரு பெண் சிற்பம், இன்னும் சில. வருகிறவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் குடும்பங்கள். அப்பா அம்மா இரண்டு குழந்தைகள், சில வீடுகளில் அமிச்சியும் அப்புச்சியும் வருவார்கள்.

குழுவில் முதலில் எழுதிய பட்டியல் இப்படி: "யானையைக் கண்டுபிடி", "புலியைக் குத்தும் வீரனைக் கண்டுபிடி", "வாயில் பந்து வைத்திருக்கும் மிருகம் எங்கே". இருபத்தைந்து கேள்வி. இரண்டு பையன்களை வைத்து ஒத்திகை பார்த்தோம். கால் மணி நேரத்தில் ஓடி முடித்து மூச்சு வாங்க வந்து நின்றார்கள். வீரன் கையில் இருந்தது வாளா ஈட்டியா என்று கேட்டால் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. புலியை "பார்த்தாச்சு", அவ்வளவுதான்.

ஓட்டத்தை எப்படி நிறுத்துவது என்பது என் கேள்வி. குறிப்பைக் கடினமாக்குவதா? வேறு மாதிரி எழுதுவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

சேவூரான் எழுதியது:

எண்ணச் சொல்லுங்க. "வீரன் கழுத்து மாலையில் எத்தனை மணி", "நந்தி கழுத்துச் சலங்கை எத்தனை" என்று கேட்டால் நின்றுதான் ஆகணும். ஓடிக்கொண்டே எண்ண முடியாது. கூடவே ஒரு சிற்பத்துக்கு ஐந்து நிமிடம் கட்டாயம், அதற்கு முன் அடுத்த குறிப்பு தரமாட்டோம் என்று வைத்துவிட்டால் பிரச்சினையே இல்லை.

---

ஊத்துக்குளியார் எழுதியது:

நல்ல முயற்சிங்க. சின்னச் சின்ன டப்பாவில் மிட்டாய் போட்டு சிலைக்கு அடியில், செடிக்குள் ஒளித்து வையுங்கள். எங்க அப்பார்ட்மென்டில் அப்படித்தான் செய்தோம், பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ஒவ்வொரு டப்பாவிலும் கியூஆர் கோடு ஒட்டினால் போனிலேயே மதிப்பெண் ஏறிவிடும். முதலில் முடிக்கும் குடும்பத்துக்கு ஒரு குக்கர் பரிசு.

---

தகடூர் டீச்சர் எழுதியது:

ஊத்துக்குளியாருக்கு: மிட்டாய் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கண் போகும். சிற்பத்துக்கு அடியில் டப்பா இருந்தால் குழந்தை சிற்பத்தைப் பார்க்காது, பீடத்தின் சந்துகளைத் துழாவும். அவர் கேட்பது அதற்கு நேர் எதிரானது. முதல் பரிசு என்று ஒன்றை அறிவித்த நிமிடத்திலேயே அது ஓட்டப் பந்தயமாகிவிடும், எந்தக் குறிப்பாலும் அதைத் திருப்ப முடியாது.

சேவூரான் சொன்னதில் பாதி சரி. எண்ணும் கேள்வி காலை நிறுத்தும், உண்மை. ஆனால் கண் மணிகளை மட்டும் பார்க்கும். பதினாறு என்று எழுதியதும் கிளம்பிவிடுவார்கள். கட்டாய ஐந்து நிமிடம் இன்னும் மோசம். பார்ப்பதற்கு ஒன்றும் கொடுக்காமல் நிற்க மட்டும் சொன்னால் பிள்ளைகள் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்கள்.

தருமபுரியில் நடுகற்களைக் காட்டப் பிள்ளைகளை அடிக்கடி கூட்டிப் போகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். பெரியவர்களும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஜெஃப்ரி ஸ்மித், லிசா ஸ்மித் என்ற இருவர் பார்வையாளர்களை நேரம் வைத்துக் கவனித்து 2001-இல் வெளியிட்டார்கள். ஒரு ஓவியத்தின் முன் நின்ற நேரம் சராசரியாக 27 விநாடி. சிலர் நெடுநேரம் நின்றதால்தான் சராசரி அவ்வளவு ஏறியது. பாதிப் பார்வைகள் 17 விநாடிக்குள் முடிந்துவிட்டன. புகழ்பெற்ற ஓவியங்களுக்கே அவ்வளவுதான்.

அதனால் குறிப்பைக் கடினமாக்காதீர்கள். கடினமாக்கினால் தேடுவதில்தான் நேரம் போகும், பார்ப்பதில் போகாது. சிற்பத்தைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருக்கட்டும். "சுவரோரம் மூன்று புலிகுத்திக் கற்கள்" என்று நேராகவே சொல்லிவிடுங்கள், வேண்டுமானால் வரைபடத்திலும் குறித்துக் கொடுங்கள். அங்கே போய் நின்ற பிறகுதான் குறிப்பே ஆரம்பிக்க வேண்டும்.

---

நொய்யல்கரை எழுதியது:

டீச்சர், இது எனக்குத் தோன்றவே இல்லை. கண்டுபிடிப்பதையே முடிவாக வைத்து யோசித்துக்கொண்டிருந்தேன். புலிகுத்திக் கல்லுக்கு ஒரு குறிப்பை எழுதிக் காட்ட முடியுமா? மூன்று கல்லும் இப்படி இருக்கின்றன. முதலாவதில் வீரன் வாளைப் புலியின் வாய்க்குள் செருகுகிறான். இரண்டாவதில் வாள் வயிற்றில் புகுந்து நுனி முதுகுப் பக்கம் வெளியே வந்திருக்கிறது, கீழே காலடியில் ஒரு நாய். மூன்றாவதில் பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறாள். மூன்றிலும் புலி பின்னங்காலில் எழுந்து நிற்கிறது.

---

தகடூர் டீச்சர் எழுதியது:

நாய் இருப்பது நல்ல அதிர்ஷ்டம். நான் எழுதினால் இப்படி:

"மூன்று வீரர்களுக்கும் முன்னால் நில்லுங்கள். பேசாமல் பத்து மூச்சு. இப்போது எல்லோரும் கல்லுக்கு முதுகைத் திருப்புங்கள். புலியின் முன்னங்கால்கள் எங்கே இருந்தன? காற்றிலா, வீரன் மேலேயா? ஆளுக்கு ஒரு பதில் சொல்லுங்கள். திரும்பிப் பாருங்கள். மூன்று வீரர்களில் ஒருவன் தனியாகச் சண்டை போடவில்லை. அவனுக்குத் துணை யார்?"

முதுகைத் திருப்பச் சொல்வதில்தான் வேலை நடக்கிறது. திரும்பியதும் "ஐயோ, கவனிக்கவில்லையே" என்று எல்லோருக்கும் தோன்றும், அப்பா அம்மா உட்பட. நான்கு பேருக்கும் நான்கு பதில் வரும். மறுபடி திரும்பும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்திருக்கும். அந்த இரண்டாவது பார்வைக்காகத்தான் முதல் பார்வையே.

துணை யார் என்றால் பெரியவர்கள் உடனே "அந்தப் பெண்தான்" என்பார்கள். அவர்கள் கண்ணுக்கு நேரே தெரிவது அவள். நாய் கீழே இருக்கிறது, ஏழு வயதுக் குழந்தையின் கண் மட்டத்துக்குப் பக்கத்தில். குழந்தைதான் முதலில் சொல்லும். "பெண் நிற்கிறாளே, அவள் துணை இல்லையா" என்று அம்மா கேட்பார். அங்கே ஒரு சண்டை வரட்டும். இரண்டு பதிலையும் தாளில் எழுத இடம் விடுங்கள். கூடவே ஒரே ஒரு கேள்வி: "எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்?" அமெரிக்காவில் அபிகெய்ல் ஹவுசன், பிலிப் யெனவைன் என்ற இருவர் உருவாக்கிய முறையில் இந்தக் கேள்விதான் மையம். கல்லில் கைகாட்டித்தான் பதில் சொல்ல முடியும், அதனால் மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

---

உளிச்சத்தம் எழுதியது:

வணக்கமுங்க. பூண்டியில பட்டறை வெச்சிருக்கறனுங்க. டீச்சரம்மா சொன்னது நெம்ப சரி. நான் வேற ஒண்ணு சொல்லோணும். அந்த மூணு கல்லும் எந்தப் பக்கம் பாத்து நிக்குதுங்க? வெளிச்சம் எப்படி விழுகுதுன்னு பாக்காம இந்தக் குறிப்பு எழுதக்கூடாதுங்க. புடைப்புச் சிற்பத்துல பாதி வேலை செதுக்கறவன் செய்யறது, மீதி வெயில் செய்யறது.

---

நொய்யல்கரை எழுதியது:

வடக்குச் சுவரோரம் இருக்கிறதுங்க அண்ணா. முகம் தெற்கே பார்க்கிறது.

---

உளிச்சத்தம் எழுதியது:

அதத்தானுங்க கேட்டேன். மே மாசத்துல அந்தக் கல்லு மேல வெயிலே படாதுங்க. நம்ம ஊரு நில நடுக்கோட்டுக்கு வடக்கால பதினோரு பாகை சொச்சத்துல இருக்குது. சித்திரை மொத வாரம் தாண்டுனா, ஆவணி பொறக்கற வரைக்கும் சூரியன் நம்ம தலைக்கு வடக்கால தான் போகும், காலைலிருந்து சாயங்காலம் வரைக்கும். தெக்குப் பாத்த கல்லு நாள் முழுக்க நெழல்ல நிக்கும். நெழல்ல மொட்டையா, சப்பையாத் தெரியும். உங்க பசங்க வாளா ஈட்டியான்னு சொல்ல முடியாம நின்னதுக்கு ஓட்டம் மட்டும் காரணமில்லீங்க.

இதே கல்ல தை மாசம் காலைல எட்டு மணிக்குப் பாருங்க. சூரியன் தென்கிழக்கால எழும்பி வரும், வெளிச்சம் கல்லு மொகத்த ஒரசிக்கிட்டுப் போகும். நாயோட காது, வாள் நுனி, புலியோட நகம், ஒண்ணொண்ணும் நெழல் போட்டு எந்திரிச்சு நிக்கும். நேர் எதுக்க விழுகற வெளிச்சமும் ஒதவாதுங்க, அது எல்லாத்தையும் ஒரே மாதிரி வெளுப்பாக் காட்டும். பக்கவாட்டுல ஒரசோணும்.

மே மாசமே வெக்கோணுமுன்னா ஒரு வழி இருக்குதுங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அந்தக் கல்லுக்கு வரச் சொல்லி, ஒரு டார்ச்சக் குழந்தை கையில கொடுங்க. நேரா அடிக்கக்கூடாது. கல்லோட ஓரத்துல நின்னு, கல்லு மொகத்த ஒட்டியாப்புல அடிக்கோணும். எங்க பட்டறையில இழைப்புல குண்டு குழி இருக்குதான்னு இப்படித்தான் வெளிச்சத்தச் சாச்சு வெச்சுப் பாப்போம். டார்ச்ச இடமிருந்து வலத்துக்குக் கொண்டு போனா வீரன் மொகமே மாறும். பொடுசுக அதுல நின்னுரும், நீங்க இழுத்தாலும் வராது.

---

சேவூரான் எழுதியது:

அருமை அண்ணா. இன்னொரு யோசனை: கல் தெளிவாகத் தெரிய வெள்ளைச் சாக்பீஸ் பூசலாமே. கல்வெட்டு படிப்பவர்கள் மாவு தடவிப் பார்ப்பார்கள். குழந்தைகள் தாளை வைத்து பென்சிலால் தேய்த்துப் படி எடுக்கவும் செய்யலாம்.

---

தகடூர் டீச்சர் எழுதியது:

வேண்டாம் தம்பி. அவை மாதிரிக் கற்களாக இருக்கலாம். ஆனால் இங்கே கற்றுக்கொண்டதைக் குழந்தை அடுத்த மாதம் ஊர் எல்லையில் நிற்கும் உண்மையான நடுகல்லில் செய்யும். எத்தனையோ பழைய கற்களில் சாக்பீஸும் பெயின்டும் ஏறியிருப்பது இப்படித்தான். அண்ணா சொன்ன சாய்ந்த வெளிச்சம் அதே வேலையைக் கல்லைத் தொடாமலேயே செய்கிறது. பென்சில் தேய்ப்பில் இன்னொரு சங்கடம், குழந்தையின் கவனம் முழுக்கத் தாள் கிழியாமல் பார்ப்பதில் போய்விடும்.

---

பேரூரம்மா எழுதியது:

டார்ச் பற்றிப் படித்ததும் எங்கள் பேரூர் கோவில் கனகசபை நினைவு வந்தது. தூண்களில் ஆளைவிடப் பெரிய சிற்பங்கள். பேத்தியைக் கூட்டிப்போய் யானைத்தோல் போர்த்திய சிவனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வெறுமனே உட்கார்ந்தோம், நான் கதை ஒன்றும் சொல்லவில்லை. நெடுநேரம் கழித்து அவளே கேட்டாள், "அமிச்சி, பின்னாடி விரிஞ்சிருக்கறது துணியா, அதுக்கு ஏன் கால் இருக்குது?" அது யானையின் தோல் என்று அப்புறம்தான் சொன்னேன். அவளாகவே போய்க் காலடியில் யானைத் தலையைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

உங்கள் விளையாட்டில் எங்களைப் போல் வயதானவர்களுக்கு உட்கார இடம் இருக்குமா? நின்றுகொண்டே பார்க்கச் சொன்னால் கால் வலிதான் முதலில் நினைவுக்கு வரும்.

---

நொய்யல்கரை எழுதியது:

அம்மா, கட்டாயம் வைக்கிறோம். ஒவ்வொரு சிற்பத்துக்கும் முன்னால் இரண்டு முக்காலி போடலாம் என்று இப்போது தோன்றுகிறது. குழந்தைக்கும் அது உதவும், உட்கார்ந்தவர் சட்டென்று எழுந்து ஓடமாட்டார்.

உளிச்சத்தம் அண்ணா, யாளித் தூணுக்கு என்ன கேட்கலாம்? வாயில் கல் பந்து உருளும். எல்லோரும் விரலை விட்டு உருட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

---

உளிச்சத்தம் எழுதியது:

உருட்டட்டுமுங்க, அதுக்குத்தான் செஞ்சது. உருட்டுன பொறவு கேளுங்க: "பந்து பல்லு இடுக்குல வெளிய வருமா? வராதுன்னா உள்ள எப்படிப் போச்சு?" நெறையப் பேரு பந்த வெளிய செஞ்சு உள்ள போட்டதா நெனைப்பாங்க, இல்லாட்டி வாயை ஒடைச்சு ஒட்டுனதுன்னு சொல்லுவாங்க. அப்படி இல்லீங்க. ஒரே கல்லு. பல்லு இடுக்கு வழியா உளிய விட்டு, உள்ளயே பந்தச் சுத்தி கொஞ்சங் கொஞ்சமா எடுத்துக்கிட்டு வருவோம். கடைசி வரைக்கும் பந்து அண்ணாக்குல ஒட்டிக்கிட்டு இருக்கும். ஒருக்கா விட்டுப்போச்சுன்னா ஆடிக்கிட்டே இருக்கும், பொறவு உளி நிக்காது. அதனால உருட்டையாச் செஞ்சு முடிச்சுட்டுத்தான் அறுத்து விடுவோம்.

இதைத் தாள்ல எழுதிப் போட்டுறாதீங்க. "வாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பாரு, எங்க வழவழப்பு, எங்க சொரசொரப்பு" அப்படின்னு மட்டும் கேளுங்க. வெளிய மொகமெல்லாம் இழைச்சிருப்போம். உள்ள மேலண்ணத்துல உளிப் புள்ளி அப்படியே கெடக்கும், இழைக்கறதுக்குக் கை போகாது. அந்தப் புள்ளியப் பாத்தா உளி எந்தப் பக்கமிருந்து வந்துச்சுன்னு குழந்தையே சொல்லிப்போடும். நந்திக்கும் இதே மாதிரிக் கேக்கலாம், வால் பக்கமாப் போய், "சிற்பி எந்த எடத்துல வேலைய நிறுத்துனாரு?"

கல்லத் தட்டிப் பாக்கற ஆசை வரும் பசங்களுக்கு. சிலையத் தட்ட விடாதீங்க. பட்டறையில கழிச்ச துண்டுக் கல்லு மூணு தர்றேன், தனியா ஒரு மேசையில வெச்சுருங்க. மணி மாதிரி நிறைஞ்சு ஒலிக்கறத ஆண் கல்லுன்னும், தாளம் மாதிரி மெலிசாக் கேக்கறதப் பொண் கல்லுன்னும், சத்தமே வராததை அலிக் கல்லுன்னும் எங்க வழக்கம். வெடிப்பு இருந்தா ஒடைஞ்ச பானை மாதிரிச் சத்தம் வரும்.

---

சேவூரான் எழுதியது:

எண்ணும் கேள்வியை முழுக்க விட்டுவிட எனக்கு மனசு இல்லை. கணக்கு பிடித்த குழந்தைகளும் இருக்கிறார்கள். ஒன்றாவது இருக்கட்டுமே?

---

தகடூர் டீச்சர் எழுதியது:

இருக்கட்டும், எண்ணி முடித்ததும் ஒரு குழப்பம் வருகிற மாதிரி இருந்தால். புலிக்கு எத்தனை கால் தெரிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பக்கவாட்டில் காட்டிய புலிக்குப் பல கற்களில் நான்கும் தெரியாது. மூன்றுதான் என்றால் நான்காவது எங்கே? வீரனுக்குப் பின்னாலா, சிற்பி விட்டுவிட்டாரா? எண்ணிக்கை அங்கே முடியாமல் ஆரம்பிக்கிறது. நொய்யல்கரை, உங்கள் கற்களில் மூன்றா நான்கா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

---

நொய்யல்கரை எழுதியது:

இன்று மாலை போய்ப் பார்த்தேன். முதல் இரண்டில் நான்கும் இருக்கின்றன. மூன்றாவதில் மூன்றுதான். இத்தனை நாள் அந்தச் சுவரைக் கடந்து போயும் இது கண்ணில் படவில்லை.

அண்ணா சொன்ன மாதிரி டார்ச் அடித்தும் பார்த்தேன். நாயின் வாய் திறந்திருக்கிறது, புலியின் பின்னங்காலைக் கடிக்கிறது! பகலில் அது வெறும் மேடாகத்தான் தெரிந்தது.

திட்டத்தை இப்படி மாற்றுகிறோம். இருபத்தைந்து இல்லை, ஐந்தே இடம். ஒவ்வொரு குடும்பமும் வேறு வேறு இடத்தில் தொடங்கும், அதனால் முன்னால் போகிறவரைப் பார்த்து ஓட வழி இல்லை. முடித்த வரிசை எழுதப்படாது. நந்தியும் கிணற்றடிப் பெண்ணும் நாலரை மணியிலிருந்து, புலிகுத்திக் கற்கள் மட்டும் இருட்டும் நேரத்தில் எல்லோருக்கும் கடைசியாக. கிணற்றடிப் பெண்ணுக்குக் குறிப்பு: அவள் நிற்கிற மாதிரியே ஒருவர் நின்று காட்ட, மற்றவர்கள் திருத்த வேண்டும். எந்தக் காலில் எடை, இடுப்பு எந்தப் பக்கம், பார்வை எங்கே.

ஒரு சிக்கல் மிச்சம். பாதிக் குடும்பங்கள் ஒடிசா, பீகார் பக்கம் இருந்து வந்தவர்கள். தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. குறிப்புகளைப் படமாகக் கொடுக்கலாமா?

---

ஊத்துக்குளியார் எழுதியது:

சிற்பத்தின் ஒரு துண்டை மட்டும் போட்டோ எடுத்துக் கொடுங்கள். காது மட்டும், கொம்பு மட்டும். பாஷையே வேண்டாம். (மிட்டாயை நான் விடவில்லை, கடைசியில் எல்லோருக்கும் ஒன்று கொடுக்கலாம் இல்லையா.)

---

தகடூர் டீச்சர் எழுதியது:

கடைசியில் எல்லோருக்கும் என்றால் எனக்குச் சம்மதம்.

துண்டுப் போட்டோவில் ஒரு ஆபத்து இருக்கிறது. குழந்தை போட்டோவைப் பிடித்துக்கொண்டு பொருத்திப் பார்க்கும், பொருந்தியதும் முடிந்தது. பழைய ஓட்டம் வேறு வேஷத்தில் திரும்பிவிடும். நான் சொல்வது, ஒவ்வொரு இடத்திலும் ஒரு தன்னார்வலர் நின்று குறிப்பை வாயால் சொல்லட்டும். வாயால் சொன்னால் பத்து மூச்சு, திரும்பு, சொல் என்று நிதானமாகவும் போகும்.

---

பேரூரம்மா எழுதியது:

தன்னார்வலர் வாய் சும்மா இருக்குமா? எங்கள் கோவிலில் வழிகாட்டி ஒருவர் பக்கத்தில் நின்றால் பேத்தி வாயே திறக்கமாட்டாள். அவரே எல்லாம் சொல்லிவிடுவார்.

---

தகடூர் டீச்சர் எழுதியது:

அம்மா சொல்வது நிஜமான பயம். என்னிடமும் முழுப் பதில் இல்லை. குறிப்பைப் படித்துவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் நில்லுங்கள் என்று பழக்கலாம். அப்படியும் சிலர் ஓடி வந்து விடை சொல்லத்தான் செய்வார்கள். வேறு யாருக்காவது வழி தெரிந்தால் எழுதுங்கள்.

நடக்கும்போது சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரியும் என்றால், பாதங்களைப் பாருங்கள். ஒரே இடத்தில் நின்று தாளைப் பார்த்தால் குறிப்பு நீளம், குறைக்க வேண்டும். கல்லைச் சுற்றி நகர்ந்து, குனிந்து, பின்னால் போய், திரும்பி வந்தால் குறிப்பு வேலை செய்கிறது. அம்மாவோ அப்பாவோ விரலை நீட்டி "அதோ பார்" என்றால், அந்தக் கேள்வி பெரியவர் உயரத்துக்கு எழுதப்பட்டிருக்கிறது, கீழே இறக்குங்கள். தாளைப் பெரியவர் வைத்திருக்கட்டும். குழந்தையின் கையில் டார்ச் மட்டும்.

---

உளிச்சத்தம் எழுதியது:

சனிக்கிழமை நாலு மணிக்கு நானும் வந்துர்றனுங்க, துண்டுக் கல்லோட. இன்னொண்ணு. மே மாச வெயில்ல கருங்கல்லு மத்தியானம் முழுக்கக் காஞ்சு கெடக்கும், நாலரைக்கும் நந்தி முதுகு சுடும். பொடுசுக கைய வெச்சா பொத்துப்போகும். நாலு மணிக்கே ரெண்டு குடம் தண்ணி ஊத்தி ஆற விட்டுருங்க. தண்ணி ஊத்துனா கல்லு கருகருன்னு மாறும், காயக் காய இழைச்ச எடமும் இழைக்காத எடமும் தனித்தனியாத் தெரியும். காயறதுக்குள்ள வந்த குடும்பத்துக்கு அது கூடுதலா ஒரு குறிப்பு.

---

நொய்யல்கரை எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. குடம் இரண்டு, முக்காலி பத்து, டார்ச் குடும்பத்துக்கு ஒன்று என்று எழுதிக்கொண்டேன். விடைத்தாள் ஒன்று கடைசியில் கொடுப்பதா வேண்டாமா என்று குழுவில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். மூன்றாவது புலியின் நான்காவது காலுக்கு என்ன விடை எழுதுவது என்று எங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. அதைச் செதுக்கியவர் பூண்டியில்தான் இருக்கிறாராம், அண்ணாவுக்குத் தெரிந்தவராக இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள்.